விடையைப் பார்க்கும் முன் உறவைச் சொல்லுங்கள்: ஒப்புமை, பொருந்தாதது வினாக்களுக்கு ஒரு வழிகாட்டி

முதலில் இந்த வினாவைப் படியுங்கள்.

பொன்னமராவதி : புதுக்கோட்டை :: கானாடுகாத்தான் : ?
(அ) காரைக்குடி (ஆ) சிவகங்கை (இ) செட்டிநாடு (ஈ) தமிழ்நாடு

செட்டிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் தெரியாத பெயர் ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் காரைக்குடியில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினால், நான்கு விடைகளுக்கும் கை உயரும். காரணம் கேட்டால் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: "பொன்னமராவதி புதுக்கோட்டையில் இருக்கிறது, சார். கானாடுகாத்தானும் இதில்தான் இருக்கிறது."

அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. கானாடுகாத்தான் காரைக்குடி வட்டத்தில் இருக்கிறது, சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது, செட்டிநாட்டில் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் இருக்கிறது. நான்குமே உண்மை. அவர்களுக்கு ஊர் விவரத்தில் குறை இல்லை. "இருக்கிறது" என்ற தளர்வான சொல்லால் உறவைச் சொன்னதுதான் குறை. அதையே "பொன்னமராவதி புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்" என்று சொல்லிப் பாருங்கள். சிவகங்கையைத் தவிர மற்ற மூன்றும் தாமாகவே விலகிவிடும். புதுக்கோட்டை என்ற பெயரில் ஒரு வட்டமும் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் பொன்னமராவதி தனக்கென ஒரு வட்டம் கொண்ட ஊர். அது புதுக்கோட்டை வட்டத்தில் வராது. ஆகவே வட்டம் என்ற உறவு முதல் ஜோடியிலேயே பொய்யாகிவிடுகிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் மனத்திறன் தாள் 90 நிமிடங்களில் 90 வினாக்கள். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். ஒப்புமையும் பொருந்தாததும் அதில் வழக்கமாக வருபவை. மத்திய அரசுப் பணிகளுக்கான தேர்வுகளிலும் பெரியவர்கள் இதே வினாக்களைத்தான் சந்திக்கிறார்கள். இருவருக்கும் முறை ஒன்றே: உறவை ஒரு வாக்கியமாகச் சொன்ன பிறகுதான் விடைகளைப் பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அந்த முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: விடைகளை மறைத்துவிடுங்கள்

பயிற்சியின்போது ஒரு துண்டுத் தாளால் நான்கு விடைகளையும் மூடுங்கள். தேர்வு அறையில் கையால் மூடினால் போதும். இது வெறும் சடங்கு அல்ல. எந்த இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் நம் மனம் அவற்றுக்கிடையே ஏதாவது ஒரு தொடர்பைக் கண்டுபிடித்துவிடும். விடையை முதலில் பார்த்தவர், அந்த விடைக்கு ஏற்ற காரணத்தைத் தேடத் தொடங்குகிறார். உறவை முதலில் சொன்னவர் அந்த உறவை வைத்து விடையைச் சோதிக்கிறார். வினா அமைப்பவர்கள் தவறான விடைகளை ஏனோதானோவென்று போடுவதில்லை. ஒவ்வொன்றும் கேள்விச் சொல்லோடு ஏதோ ஒரு வகையில் ஒட்டுவதாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: வினைச்சொல் வைத்து வாக்கியம் அமையுங்கள்

"தச்சருக்கும் மரத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது" என்பது உறவைச் சொன்னதாகாது. இரண்டு சொற்களும் உள்ளே வர வேண்டும், அவற்றை இணைக்கும் வினைச்சொல் தெளிவாக இருக்க வேண்டும், சொற்கள் வினாவில் உள்ள அதே வரிசையில் வர வேண்டும். இதை ஒரு வினாவில் முழுவதுமாகப் பார்ப்போம்.

தச்சர் : மரம் :: நெசவாளர் : ?
(அ) தறி (ஆ) நூல் (இ) புடவை (ஈ) நாடா

கண்டாங்கிப் புடவை நெய்யும் தறியின் சத்தத்தைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளும் இதில் தடுமாறுகிறார்கள். அவர்கள் முதலில் அமைக்கும் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "தச்சர் மரத்தில் வேலை செய்கிறார்." அதையே நெசவாளருக்குப் பொருத்தினால் "நெசவாளர் தறியில் வேலை செய்கிறார்" என்று அழகாக அமைந்துவிடுகிறது. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. உடனே (அ) என்று குறித்துவிடுகிறார்கள்.

சிக்கல் "இல்" என்ற உருபில் இருக்கிறது. முதல் வாக்கியத்தில் அது மூலப்பொருளைக் குறிக்கிறது; இரண்டாவதில் வேலை நடக்கும் இடத்தை அல்லது கருவியைக் குறிக்கிறது. "ஆல்" போட்டுப் பார்த்தாலும் இதே தொல்லைதான். "மரத்தால் செய்தார்" என்றும் சொல்லலாம், "உளியால் செய்தார்" என்றும் சொல்லலாம். பள்ளி இலக்கணத்தில் முதற்கருவி, துணைக்கருவி என்று படித்தோமே, அந்தப் பாடம் இங்கே கைகொடுக்கிறது. மண்ணால் குடம் செய்தால் மண் குடமாகவே மாறிவிடுகிறது, அது முதற்கருவி. சக்கரத்தால் குடம் செய்தால் வேலை முடிந்ததும் சக்கரம் தனியாக நிற்கிறது, அது துணைக்கருவி. வேலை முடிந்த பிறகு அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், இரண்டும் பிரிந்துவிடும்.

இப்போது வாக்கியத்தைத் திருத்துங்கள்: "தச்சர் மரத்தை வேறொரு பொருளாக மாற்றுகிறார்." நெசவாளர் எதை வேறொரு பொருளாக மாற்றுகிறார்? நூலை. விடைகளைத் திறப்பதற்கு முன்பே பதில் வாயில் வந்துவிட்டது. இதுதான் மூன்றாம் படி: விடைகளைப் பார்க்காமல் உங்கள் பதிலைச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு தாளை எடுத்து நான்கையும் பாருங்கள். நூல் இருக்கிறது. ஆனால் அதோடு நிற்காமல், பயிற்சிக் காலத்தில் மற்ற மூன்றும் நெசவாளருக்கு என்ன உறவு என்றும் சொல்லிப் பழகுங்கள். தறி, அவர் இருந்து வேலை செய்யும் அமைப்பு. நாடா, ஊடு நூலைக் கொண்டு செல்லும் கருவி. புடவை, அவர் செய்து முடித்த பொருள். ஆக, நான்கு விடைகளும் நான்கு வேறு வேறு உறவுகள். நான்குமே உண்மையான உறவுகள். வினாவில் கேட்கப்படுவது நெசவாளருக்கு எது நெருக்கம் என்பதல்ல. தச்சருக்கு மரம் எப்படியோ அப்படி நெசவாளருக்கு எது என்பதுதான்.

இந்தப் பழக்கம் இன்னொரு இடத்திலும் உதவும். முதல் ஜோடியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். "கொத்தனார் : கரணை :: தச்சர் : ?" என்ற வினாவில் கரணை என்றால் என்னவென்று நகரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. அப்போது விடைகளிலிருந்து பின்னோக்கி வரலாம். உளி, மரம், கதவு, பட்டறை என்று கொடுத்திருந்தால் அவை முறையே கருவி, மூலப்பொருள், செய்பொருள், இடம். கரணை இந்த நான்கில் எதுவாக இருக்க முடியும்? கொத்தனாரின் மூலப்பொருள்கள் செங்கல், சுண்ணாம்பு, சிமென்ட் என்று தெரியும்; செய்பொருள் சுவர், வீடு என்று தெரியும்; இடமும் அந்த வீடுதான். மிஞ்சுவது கருவி. உளியைத் துணிந்து குறிக்கலாம். பொருள் தெரிந்து குறிப்பதற்கு இது ஈடாகாது என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதைவிட எவ்வளவோ மேல்.

இறுக்குவதும் தளர்த்துவதும்

வாக்கியம் சரியாக அமைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விடைகளே சொல்லிவிடும். இரண்டு விடைகள் பொருந்தினால் வாக்கியம் தளர்வாக இருக்கிறது, இறுக்க வேண்டும். ஒன்றுமே பொருந்தவில்லை என்றால் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டீர்கள், ஒரு படி தளர்த்த வேண்டும். "தச்சர் மரத்தைக் கதவாக மாற்றுகிறார்" என்று எழுதியவர் நெசவாளருக்கு வரும்போது முட்டிக்கொண்டு நிற்பார். நெசவாளர் எதையும் கதவாக மாற்றுவதில்லை. கதவு என்ற விவரம் தச்சருக்கு மட்டுமே உரியது, ஆகவே அதை எடுத்துவிட்டு "வேறொரு பொருளாக" என்று பொதுவாக்க வேண்டும்.

இறுக்கும்போது எந்தப் பக்கம் இறுக்குவது என்று தெரியாமல் பிள்ளைகள் தவிப்பார்கள். பொதுவாகத் தளர்வு இருப்பது அளவில் அல்லது பங்கில். கானாடுகாத்தான் வினாவில் தளர்வு அளவில் இருந்தது: வட்டமா, மாவட்டமா, மாநிலமா என்று சொல்லாமல் விட்டோம். நெசவாளர் வினாவில் தளர்வு பங்கில் இருந்தது: மூலப்பொருளா, கருவியா, இடமா என்று சொல்லாமல் விட்டோம். திசையிலும் தளர்வு வரும். "புடவை : நூல்" என்று திருப்பிக் கொடுத்தால் வாக்கியம் புடவையில்தான் தொடங்க வேண்டும்: "புடவை நூலிலிருந்து உருவானது." நூலில் தொடங்கும் பழக்கத்திலேயே போனால், "கதவு : ?" என்று வரும்போது மரத்தை விட்டுவிட்டுக் கதவிலிருந்து உருவாகும் வேறு ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எண் ஒப்புமையிலும் கதை இதுதான். 4 : 20 :: 7 : ? என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் "ஐந்தால் பெருக்க வேண்டும், 35" என்பார்கள். விடைகளில் 42, 49, 56, 63 இருக்கின்றன, 35 இல்லை. இது பதற வேண்டிய இடம் அல்ல. 4-ஐ 20 ஆக்கும் வேறு வழியைத் தேடுங்கள். 16 கூட்டினால் 20 வரும். ஆனால் 7-க்கு 23, அதுவும் இல்லை. 4-ஐ அடுத்த எண்ணான 5-ஆல் பெருக்கினாலும் 20 வரும்; 7-ஐ 8-ஆல் பெருக்கினால் 56. எண்களில் மட்டும், விடைகளைத் திறப்பதற்கு முன்பே இரண்டு விதிகளைத் தயாராக வைத்திருப்பது நல்லது. ஒரே ஜோடி எண்களுக்குப் பல விதிகள் பொருந்துவது அவ்வளவு சாதாரணம்.

பொருந்தாததைக் கண்டுபிடிப்பது

இங்கே பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நான்கு சொற்களையும் பார்த்து "எது வித்தியாசமாக இருக்கிறது?" என்று தேடுகிறார்கள். வித்தியாசம் எல்லாவற்றிலும் இருக்கும். தேட வேண்டியது மூன்று சொற்கள் சேரும் இடத்தை. வாக்கியம் அந்த மூன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். நான்காவது அந்த வாக்கியத்தில் உட்கார மறுக்க வேண்டும். "இது மட்டும்..." என்று தொடங்கினால் நிறுத்திவிட்டு, "இவை மூன்றும்..." என்று தொடங்குங்கள்.

அதைச் சோதிக்க எண்ணிப் பார்த்தால் போதும். நம் வீடுகளில் செய்யும் பலகாரங்களையே எடுத்துக்கொள்வோம்.

(அ) கந்தரப்பம் (ஆ) அதிரசம் (இ) தேன்குழல் (ஈ) மணகோலம்

எண்ணெயில் பொரிப்பவை எவை? நான்கும். நான்குக்கும் பொருந்தும் பண்பு வினாவுக்கு உதவாது, தள்ளிவிடுங்கள். அச்சில் பிழிபவை எவை? தேன்குழலும் மணகோலமும். கந்தரப்பத்தை மாவாக ஊற்றுகிறோம், அதிரசத்தைத் தட்டுகிறோம். இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்தால் அதுவும் உதவாது. இனிப்பு எவை? கந்தரப்பம், அதிரசம், வெல்லப் பாகில் கலக்கும் மணகோலம். மூன்று. மிஞ்சியது தேன்குழல், பெயரில் தேன் இருந்தாலும் அது காரப் பலகாரங்களோடு டப்பாவில் போகும் உப்புப் பண்டம். பெயரை மட்டும் பார்த்தவர் அதை இனிப்பில் சேர்த்துவிட்டு, வேறு எங்கோ விடை தேடிக்கொண்டிருப்பார். மூன்றுக்கு ஒன்று என்று பிரியும்வரை நிறுத்தக் கூடாது.

எண்களிலும் இதே கணக்குச் செல்லும். 27, 64, 125, 144 என்று கொடுத்தால் ஒற்றைப்படை இரண்டு, இரட்டைப்படை இரண்டு. இரண்டு இலக்கம் இரண்டு, மூன்று இலக்கம் இரண்டு. வர்க்க எண்கள் என்று பார்த்தாலும் 64, 144 என இரண்டுதான். கன எண்கள் என்று பார்த்தால்தான் 27, 64, 125 மூன்றும் சேர்கின்றன, 144 நிற்கிறது.

எந்த வகைச் சேர்க்கையைத் தேர்வு எதிர்பார்க்கிறது என்பதையும் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா 1930-களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குச் சென்று இதே வகை வினாக்களைக் கேட்டார். சுத்தியல், ரம்பம், மரக்கட்டை, கோடரி: இவற்றில் எது சேராது? பள்ளிக்கூடம் பார்க்காத விவசாயிகள் எதையும் விலக்க மறுத்தார்கள். ரம்பம் மரத்தை அறுக்கும், கோடரி பிளக்கும், மரக்கட்டை இல்லாவிட்டால் இவையெல்லாம் எதற்கு என்பது அவர்கள் வாதம். பள்ளி சென்றவர்கள் மரக்கட்டையை விலக்கினார்கள். மற்ற மூன்றும் கருவிகள் என்பது அவர்கள் வாக்கியம்.

அந்த விவசாயிகளின் சிந்தனை குறைவானதல்ல. அவர்கள் பொருள்களை ஒரு வேலை நடக்கும் சூழலாகச் சேர்த்தார்கள். தேர்வு அவற்றை ஓர் இனமாகச் சேர்க்கச் சொல்கிறது. நம் பிள்ளைகளும், குறிப்பாக வீட்டு வேலையிலும் தோட்ட வேலையிலும் கைகொடுக்கும் பிள்ளைகள், முதல் வகையில்தான் இயல்பாகச் சேர்க்கிறார்கள். கத்தி, அரிவாள்மனை, சீவுகட்டை, தேங்காய் என்று கொடுத்தால் "தேங்காயும் வேண்டும்தானே, சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் சொன்னது சமையலறையில் நூற்றுக்கு நூறு சரி. தேர்வில் மட்டும் "சேர்ந்து பயன்படுபவை" என்று சேர்ப்பதை விட்டு "ஒரே இனத்தைச் சேர்ந்தவை" என்று சேர்க்க வேண்டும். இந்த விதியைச் சொல்லித் தராமல் பிள்ளைக்குப் புத்தி போதாது என்று முடிவு கட்டுவது அநியாயம்.

இரண்டு விடை வரும்போது

மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இரண்டு விதமாகவும் அமையலாம். அப்போது என்ன செய்வது?

(அ) செங்கல் (ஆ) மண்பானை (இ) ஆத்தங்குடிக் கல் (ஈ) நாட்டு ஓடு

செங்கல், ஆத்தங்குடிக் கல், நாட்டு ஓடு மூன்றும் வீடு கட்டப் பயன்படுபவை, மண்பானை சேரவில்லை. கணக்குச் சரி. இன்னொரு பக்கம், ஆத்தங்குடிக் கல் எப்படி உருவாகிறது என்று பட்டறையில் பார்த்தவருக்கு வேறொன்று தோன்றும். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஒவ்வோர் அறையிலும் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. அந்தக் கல் சூளையைப் பார்ப்பதே இல்லை. செங்கல், பானை, ஓடு மூன்றும் களிமண்ணைச் சூளையில் சுட்டவை. இந்தக் கணக்கும் சரி.

இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்து, எது இறுக்கமானது என்று பாருங்கள். "வீடு கட்டப் பயன்படுபவை" என்ற வாக்கியத்தில் மணல், சுண்ணாம்பு, பர்மா தேக்கு, இரும்புக் கம்பி என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். "களிமண்ணைச் சூளையில் சுட்டவை" என்ற வாக்கியத்தில் அப்படிக் கண்டதையும் சேர்க்க முடியாது. மூலப்பொருள், செய்முறை என்ற இரண்டு நிபந்தனைகள் அதில் இருக்கின்றன. குறைந்த பொருள்களையே உள்ளே விடும் வாக்கியம் பெரும்பாலும் வினா அமைத்தவர் மனத்தில் இருந்த வாக்கியம். நான் (இ) என்று குறிப்பேன்.

பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். எட்டாம் வகுப்புத் தாளில் இதே வினா வந்தால், எளிய பயன்பாட்டை நினைத்து (ஆ) என்று விடைக்குறிப்பு வெளியாகவும் வாய்ப்பு இருக்கிறது. அந்தத் தேர்வின் பழைய வினாத்தாள்களைப் பார்த்து, அங்கே எந்த அளவு நுட்பம் எதிர்பார்க்கப்படுகிறது என்று முன்பே தெரிந்துகொள்வதுதான் பாதுகாப்பு. ஊர்ப் பழக்கத்தை அறிந்தவருக்கு மட்டுமே தெரியும் செய்தியை மாநிலம் முழுவதற்குமான தாளில் பொதுவாகக் கேட்க மாட்டார்கள் என்பதும் ஒரு குறிப்பு. தேர்வு அறையில் இரண்டு வாக்கியங்களும் சம இறுக்கமாகத் தோன்றினால் ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள். அந்த ஒரு வினாவோடு மல்லுக்கட்டினால் பின்னால் இருக்கும் எளிய வினாக்களுக்கான நேரம் போய்விடும். ஆனால் தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வு என்றால், நான்கில் இரண்டையாவது விலக்க முடிந்தால் மட்டும் குறியுங்கள்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வுக்குப் பிறகு உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபனைகளைக் கேட்கிறது. இரண்டு விடைக்கு இடமுள்ள வினா என்று நினைத்தால் அங்கே எழுதலாம். அப்போதும் "எனக்கு இதுதான் சரி என்று தோன்றுகிறது" என்று எழுதாமல், "இவை மூன்றும் களிமண்ணைச் சூளையில் சுட்டவை, நான்காவது சிமென்ட்டால் ஆனது, சுடப்படாதது" என்று அந்த வாக்கியத்தையே எழுதி, அதற்கு ஆதாரமான பாடநூல் பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள்.